போட்டோவில் தெரியும் வெர்னியர், மைக்ரோமீட்டர் அளவைச் சரியாகப் படிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் சின்ன லேத் பட்டறை வைத்திருக்கிறேன். பம்ப் மோட்டார் ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் தேய்ந்துபோய் வரும் வேலைதான் அதிகம். வெளியூரில் இருப்பவர்கள் ஷாஃப்ட்டை அனுப்புவதற்கு முன்னால் அளவு எடுத்து, கருவியை அப்படியே போட்டோ பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பி "இது எவ்வளவு அண்ணா" என்று கேட்பார்கள். அப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவற்றுக்கான பதில்கள் இவை.

"போட்டோவில் வெர்னியர் இருக்கிறது. முதலில் எதைப் பார்க்கணும்?"

அளவைப் பார்ப்பதற்கு முன்னால் அது எந்த வெர்னியர் என்று பாருங்கள். நகரும் ஸ்லைடரில் 0.02 mm என்றோ 0.05 mm என்றோ பொறித்திருக்கும், அதுதான் அதன் லீஸ்ட் கவுண்ட், பள்ளிப் புத்தகத்தில் மீச்சிற்றளவு. போட்டோவில் அந்த எழுத்து வெட்டுப்பட்டுப் போயிருந்தால் வெர்னியர் அளவுகோலில் 0-க்கும் 1-க்கும் நடுவே எத்தனை இடைவெளி என்று எண்ணுங்கள். ஐந்து இருந்தால் 0.02, இரண்டே இருந்தால் 0.05. வெர்னியரில் எண்கள் 0-வில் தொடங்கி 25-இல் முடிந்தால் நீங்கள் பார்ப்பது அங்குல அளவுகோல். பெரும்பாலான கருவிகளில் அங்குலம் மேலேயும் மில்லிமீட்டர் கீழேயும் இருக்கும். மேல் வெர்னியரைப் பார்த்துவிட்டுக் கீழ் அளவுகோலோடு சேர்த்துப் படித்தால் கிடைக்கும் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது.

அடுத்தது வெர்னியரின் 0 கோடு. ஸ்லைடரின் இடது விளிம்பு அல்ல, 0 கோடு. விளிம்பு கோட்டுக்குச் சில மில்லி முன்னாலேயே இருக்கும், புதிதாகக் கருவி வாங்கியவர்கள் அதை வைத்துப் படித்துவிடுகிறார்கள். 0 கோடு முழுதாகத் தாண்டிய மில்லிமீட்டர் கோடு எதுவோ அது முழு எண். பிறகு, மேலே உள்ள கோடும் கீழே உள்ள கோடும் ஒரே நேர்கோடாகத் தெரியும் இடம் எது என்று வெர்னியரில் தேடுங்கள். அதுதான் ஒன்றிப்பு, அந்தக் கோட்டைத்தான் இனி ஒன்றும் கோடு என்கிறேன். அது 3-க்கு அடுத்த மூன்றாவது சின்னக் கோடு என்றால் 0.36. 0 கோடு 24-ஐத் தாண்டியிருந்தால் மொத்தம் 24.36.

"இரண்டு மூன்று கோடு நேராக இருப்பது மாதிரி தெரிகிறதே, எதை எடுப்பது?"

ஒன்றும் கோட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் முடிவு வராது, அதன் பக்கத்துக் கோடுகளைப் பாருங்கள். சரியான கோட்டுக்கு இடப்பக்கம் உள்ள வெர்னியர் கோடுகள் எல்லாம் அசையாத மெயின் அளவுகோலில் தங்களுக்கு எதிரே உள்ள கோட்டைவிடக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளியிருக்கும், வலப்பக்கம் உள்ளவை கொஞ்சம் இடப்பக்கம் தள்ளியிருக்கும். அதாவது இருபக்கத்துக் கோடுகளும் நடுவில் உள்ள ஒன்றை நோக்கி நெருங்கி நிற்கும். இடப்பக்கம் மூன்றாவது கோடு எவ்வளவு விலகியிருக்கிறதோ, வலப்பக்கம் மூன்றாவது கோடும் அதே அளவு எதிர்த்திசையில் விலகியிருந்தால் நடுக்கோடு அதுதான். இந்தச் சமன் இரண்டு கோடுகளுக்கு நடுவே விழுந்தால் நடு அளவை எடுத்துக்கொள்ளலாம், 0.36-க்கும் 0.38-க்கும் நடுவே என்றால் 0.37.

இன்னொரு சோதனையும் உண்டு, இதை நான் எப்போதும் முதலிலேயே செய்துவிடுவேன். ஒன்றிப்பைத் தேடுவதற்கு முன்னால் 0 கோடு இரண்டு மில்லிமீட்டர் கோடுகளுக்கு நடுவே எங்கே நிற்கிறது என்று கண்ணால் ஒரு மதிப்பு போட்டுக்கொள்ளுங்கள். மூன்றில் ஒரு பங்கு தாண்டியிருந்தால் பதில் 0.3-லிருந்து 0.4-க்குள் வர வேண்டும். ஒன்றிப்பு 0.7 என்று சொன்னால் இரண்டில் ஒன்று தப்பு, பெரும்பாலும் தப்பாக இருப்பது ஒன்றிப்பு.

"கையில் பார்த்தால் ஒரு அளவு, போட்டோவில் பார்த்தால் வேறு அளவு. ஏன்?"

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இந்தக் கேள்விக்காகத்தான்.

சாதாரண வெர்னியரில் நகரும் அளவுகோலின் கோடுகளும் மெயின் அளவுகோலின் கோடுகளும் ஒரே மட்டத்தில் இல்லை. வெர்னியரின் சரிவான விளிம்பு மெயின் அளவுகோலுக்கு மேலே சுமார் 0.3 மில்லி உயரத்தில் நிற்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் பிரச்சினை இல்லை. பக்கவாட்டிலிருந்து பார்த்தால் மேல் கோடு கீழ்க்கோட்டின் மேல் தள்ளி விழும், இதைத்தான் இடமாறு தோற்றப் பிழை என்று பள்ளியில் படித்தோம். கையில் வைத்துப் படிக்கும்போது ஒவ்வொரு கோட்டுக்கும் நேராகத் தலையை நகர்த்திக்கொண்டே போகிறோம், அது நமக்கே தெரியாமல் நடக்கிறது. கேமராவுக்கு ஒரே ஒரு கண், அது ஒரே இடத்தில் நிற்கிறது. அதற்கு நேர் கீழே இருக்கும் கோடு மட்டும்தான் சரியாகத் தெரியும், தள்ளிப்போகப் போக மற்ற கோடுகள் விலகிக்கொண்டே போகும்.

எவ்வளவு விலகும் என்பதற்குச் சின்னக் கணக்குதான்:

```
விலகல் = கோட்டின் தூரம் × உயரம் ÷ கேமராவின் தூரம்
30 × 0.3 ÷ 150 = 0.06 mm
```

அதாவது போனை 15 சென்டிமீட்டர் கிட்டத்தில் பிடித்து, ஒன்றும் கோடு லென்ஸுக்கு நேர் கீழே இல்லாமல் 30 மில்லி தள்ளியிருந்தால், 0.06 மில்லி பிழை. 0.02 வெர்னியரில் அது மூன்று கோடு. கேமரா அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் இருந்தால் அளவு கூடுதலாகத் தெரியும், வலப்பக்கம் இருந்தால் குறைவாகத் தெரியும். போட்டோவை எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தாலும் இது மாறாது, ஏனென்றால் பிழை படத்துக்குள்ளேயே பதிந்துவிட்டது.

"அப்படிப் பிழை இருக்கிற போட்டோவை எப்படிக் கண்டுபிடிப்பது?"

வெர்னியரின் முதல் கோட்டையும் கடைசிக் கோட்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 0.02 வெர்னியரில் 50 பாகங்கள் சரியாக 49 மில்லிக்குள் அடங்கும். 49 முழு எண் என்பதால், 0 கோடு தன் பக்கத்து மில்லிமீட்டர் கோட்டிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறதோ அதே அளவுதான் கடைசிக் கோடும் தன் பக்கத்துக் கோட்டிலிருந்து விலகி நிற்க வேண்டும். போட்டோவில் இரண்டும் வேறுவேறாகத் தெரிந்தால் அந்தப் போட்டோவை வைத்து நூறில் ஒரு பங்கைப் பற்றிப் பேசக்கூடாது.

போன வருஷம் வந்த ஒன்றைச் சொல்கிறேன். 6205 பேரிங் உட்காரும் ஷாஃப்ட், பேரிங்கின் உள்விட்டம் 25 மில்லி. அனுப்பியவர் "24.98 இருக்கிறது அண்ணா, ரீடெய்னிங் காம்பவுண்ட் போட்டு ஒட்டிவிடலாமா" என்று கேட்டார். போட்டோவைப் பார்த்தால் அவர் படித்தது தப்பில்லை. 0 கோடு 25-க்கு முன்னால் நிற்கிறது, வெர்னியரின் 49-ஆவது கோடு மெயினில் 73-உடன் அழகாக ஒன்றுகிறது, 49 × 0.02 = 0.98. ஆனால் 0 கோட்டைப் பார்த்தபோது எனக்கு இடித்தது. 24.98 என்றால் அது 25-ஐத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். இங்கே இரண்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரியும் அளவுக்கு ஓர் இடைவெளி, மில்லியில் எட்டில் ஒரு பங்கு இருக்கும். கடைசிக் கோட்டைப் பார்த்தேன், அது 74-ஐ ஏறக்குறைய தொட்டுவிட்டது. முதல் கோட்டில் இடைவெளி, கடைசிக் கோட்டில் இடைவெளி இல்லை.

என்ன நடந்தது என்றால், ஷாஃப்ட்டும் தாடையும் சேர்ந்து தெரியட்டும் என்று அவர் கேமராவை 0 கோட்டுக்கு மேலே, கிட்டத்தில் பிடித்திருக்கிறார். ஒன்றும் கோடோ 0-விலிருந்து 48 மில்லி வலப்பக்கம் தள்ளி இருக்கிறது. 48 × 0.3 ÷ 150 போட்டுப் பாருங்கள், கிட்டத்தட்ட 0.1 மில்லி. இன்னொரு போட்டோ கேட்டேன், இந்த முறை போனை முழங்கை நீளத்துக்கு மேலே தூக்கி, ஜூம் வைத்து, ஒன்றும் கோடு படத்தின் நடுவில் வருகிற மாதிரி. அதில் ஒன்றிப்பு 44-ஆவது கோட்டில், மெயின் 68-உடன், அளவு 24.88. ஷாஃப்ட் பட்டறைக்கு வந்ததும் மைக்ரோமீட்டரில் பார்த்தோம், 24.89.

24.98 என்றால் ஒட்டிப் பார்க்கலாம். 24.88 என்றால் வெல்டு வைத்து நிரப்பித் திரும்பக் கடைய வேண்டும், நான் அதைத்தான் செய்தேன். இரண்டும் வேறு வேலை, வேறு செலவு. அளவு எடுத்தவரும் சரியாகத்தான் எடுத்தார், படித்ததும் சரி, போட்டோ பிடித்த இடம் மட்டும்தான் தப்பு.

இந்த முதல்-கடைசிக் கோடு சோதனை 20 பாகம் உள்ள 0.05 வெர்னியருக்கும் பொருந்தும், அது 19 அல்லது 39 மில்லிக்குள் அடங்கும், இரண்டுமே முழு எண்தான். பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் 10 பாகக் கருவிக்கும் பொருந்தும், அங்கே 9 மில்லி.

"சரி, எப்படிப் போட்டோ எடுத்து அனுப்பட்டும்?"

கருவியைப் பூட்டும் திருகை மெதுவாக முடுக்கிவிட்டு மேஜையில் மட்டமாக வையுங்கள், எண்ணெய் இருந்தால் துடைத்துவிடுங்கள். போன் குறைந்தது 40, 45 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும், பிறகு ஜூம் 2 அல்லது 3 வையுங்கள். கிட்டத்தில் கொண்டுபோனால் தெளிவாக வரும் என்று நினைக்கிறோம், ஆனால் பல போன்கள் மிகக் கிட்டத்தில் போனதும் தானாகவே அகலக் கோண லென்ஸுக்கு மாறிக்கொள்ளும், பிழை இன்னும் கூடும். 45 சென்டிமீட்டரில் கோடு 30 மில்லி தள்ளியிருந்தாலும் விலகல் 0.02 தான், ஒரே ஒரு கோடு. ஒன்றும் கோட்டை முதலில் கண்ணால் கண்டுபிடித்து அதைத் திரையின் நடுவில் கொண்டுவாருங்கள், போன் அளவுகோலுக்கு இணையாக இருக்கட்டும். திரையில் அளவுகோலின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரு பக்கம் குறுகாமல் இணையாக ஓடினால் போன் மட்டமாக இருக்கிறது.

ஃபிளாஷ் வேண்டாம், குரோம் பூச்சு பளிச்சென்று அடித்துக் கோடுகளைத் தின்றுவிடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து வந்தால் நல்லது.

அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பாமல் Document ஆக அனுப்புங்கள். 4000 புள்ளி அகலமுள்ள படத்தில் 80 மில்லி நீளம் தெரிந்தால் ஒரு மில்லிக்கு 50 புள்ளி, 0.02 மில்லி என்பது ஒரே ஒரு புள்ளி. அதுவே சுருங்கி 1600 ஆகிவிட்டால் 0.02 என்பது ஒரு புள்ளியில் பாதிகூட இல்லை. பக்கத்துக் கோடுகளின் சமனை வைத்து ஓரளவு படிக்கலாம், ஆனால் எதற்கு அந்தச் சிரமம்?

"ஒரு போட்டோ போதுமா?"

இரண்டு வேண்டும். தாடைகளைத் துடைத்து, முழுதாக மூடி, அப்படியே இன்னொரு போட்டோ. சுழிப்பிழை இல்லாமல் எத்தனையோ கருவிகள் இருக்கின்றன, ஆனால் அனுப்பியவரின் கருவி அதில் ஒன்று என்று எனக்கு எப்படித் தெரியும்? மூடியபோது வெர்னியர் 0 மெயின் 0-வுக்கு வலப்பக்கம் நின்றால் அந்த அளவைக் கழிக்க வேண்டும். இடப்பக்கம் நின்றால்தான் குழப்பம் வரும். அப்போது 48-ஆவது கோடு ஒன்றினால் பிழை 0.96 அல்ல, கடைசியிலிருந்து பின்னோக்கி இரண்டு கோடு, அதாவது −0.04. அதைக் கழிப்பது என்றால் கூட்டுவது. 24.88 படித்திருந்தால் உண்மை அளவு 24.92.

"மைக்ரோமீட்டர் போட்டோவிலும் இதே பிழை வருமா?"

வரும், ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. வெர்னியரில் 0.02 மில்லி என்பது உண்மையிலேயே 0.02 மில்லிதான், அந்த நுண்ணிய விலகலைக் கண் பிடிக்க வேண்டும். மைக்ரோமீட்டரில் திருகு ஒரு சுற்றுக்கு 0.5 மில்லி நகர்கிறது, அந்த ஒரு சுற்று, கையால் சுழற்றும் உருளையான திம்பிளில் 50 பாகமாக விரிகிறது. ஒரு பாகம் 0.01 மில்லி, ஆனால் கண்ணுக்குத் தெரியும் இடைவெளி சுமார் ஒரு மில்லி. கொஞ்சம் சாய்வாகப் பிடித்தாலும் ஒரு பாகத்தில் கால் பங்குகூடத் தவறாது. அதனால் போட்டோ வழியாக அளவு கேட்பதென்றால் எனக்கு மைக்ரோமீட்டர் போட்டோதான் விருப்பம், சுமாரான படத்தில்கூட 0.01 நம்பிப் படிக்கலாம், நல்ல படத்தில் இரண்டு கோட்டுக்கு நடுவே பாதியையும் மதிப்பிடலாம்.

மைக்ரோமீட்டரில் தப்பு வேறு இடத்தில் வருகிறது, அது வந்தால் சரியாக அரை மில்லி.

"அந்த அரை மில்லிக் கோட்டைக் கணக்கில் எடுப்பதா வேண்டாமா?"

அசையாத ஸ்லீவில், பள்ளிச் சொல்லில் புரிக்கோலில், நீளக்கோட்டுக்கு ஒரு பக்கம் முழு மில்லி, மறுபக்கம் அரை மில்லிக் கோடுகள். எண் எழுதியிருக்கும் பக்கம் முழு மில்லி. திம்பிளின் விளிம்பு ஓர் அரைக்கோட்டைத் தொட்டுக்கொண்டு நிற்கும்போதுதான் சந்தேகம் வருகிறது, ஏனென்றால் கோட்டுக்கும் ஒரு தடிமன் உண்டு, திம்பிள் அதைத் தாண்டுவதற்கு முன்பே அது எட்டிப்பார்க்கும்.

ஸ்லீவில் 12 தாண்டிவிட்டது, அரைக்கோடு லேசாக எட்டிப்பார்க்கிறது, திம்பிளில் 48 என்று வைத்துக்கொள்வோம். 12.48-ஆ, 12.98-ஆ? திம்பிள் 48 என்றால் அது இன்னும் 0-வுக்கு வரவில்லை, வந்தால்தான் புதிய அரை மில்லி தொடங்கும். ஆகவே எட்டிப்பார்க்கும் கோடு இன்னும் தாண்டப்படவில்லை, அளவு 12.48. அதே கோடு அதே மாதிரி எட்டிப்பார்த்து திம்பிள் 2 காட்டினால், 0 தாண்டியாகிவிட்டது, அளவு 12.52. உண்மையிலேயே 12.98 ஆக இருந்தால் அரைக்கோட்டுக்கும் திம்பிள் விளிம்புக்கும் நடுவே கிட்டத்தட்ட அரை மில்லி வெள்ளை இடம் தெளிவாகத் தெரியும், 13-ஆம் கோடு எட்டிப்பார்த்துக்கொண்டிருக்கும். போட்டோவில் அந்த வெள்ளை இடத்தைத்தான் தேட வேண்டும்.

மேலே சொன்ன ஷாஃப்ட்டில் ஸ்லீவில் 24, அதைத் தாண்டி அரைக்கோடு நன்றாக வெளியே தெரிந்தது, திம்பிளில் 39. 24 + 0.5 + 0.39 = 24.89. அரைக்கோட்டை விட்டிருந்தால் 24.39 என்று வந்திருக்கும், வெர்னியர் போட்டோ கையில் இருந்தால் இந்தத் தப்பு உடனே பிடிபடும். அதனால்தான் மைக்ரோமீட்டர் அளவு அனுப்புபவரிடமும் வெர்னியர் வைத்து ஒரு போட்டோ கேட்பேன், அது மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை.

"25–50 மைக்ரோமீட்டர் என்றால்?"

பிரேமில் அளவு வரம்பு பொறித்திருக்கும், அது தெரியும்படி எடுங்கள். இந்தக் கருவியை முழுதாக மூடி சுழிப்பிழை பார்க்க முடியாது, கூடவே வரும் 25 மில்லிக் கட்டையை நடுவில் வைத்து, ராட்செட்டைத் திருப்பிப் போட்டோ எடுக்க வேண்டும். அது சரியாக 25.00 காட்டாவிட்டால் அந்த வித்தியாசத்தைக் கழித்துக்கொள்ளலாம்.

"ஸ்லீவிலேயே இன்னொரு வெர்னியர் இருக்கிறது, அதில் 0.001 வரை படிக்கலாமா?"

அதற்கென்று தனிப் போட்டோ எடுத்தால் படிக்கலாம். அந்தக் கோடுகள் ஸ்லீவின் வளைவில் சுற்றிப் போகின்றன, நேர் முன்னாலிருந்து எடுத்த படத்தில் மேலே உள்ளவை நெருங்கிச் சுருங்கித் தெரியும். கருவியைக் கொஞ்சம் சுழற்றி, ஒன்றும் கோடு கேமராவைப் பார்க்கும்படி வைத்து எடுக்க வேண்டும். ஆனால் 0.001 என்றால் கை சூடு பட்டாலே மாறும் அளவு. 25 மில்லி இரும்பு 10 டிகிரி சூடேறினால் கிட்டத்தட்ட 0.003 மில்லி நீளும். மத்தியான வெயிலில் மோட்டாரிலிருந்து கழற்றிய ஷாஃப்ட்டை அப்படியே அளந்து எடுத்த போட்டோ என்றால், மூன்றாவது தசமத்தை நான் படிப்பதே இல்லை.

"வெர்னியர் போட்டோவை மட்டும் வைத்து பேரிங் பிடிப்பு சரியா என்று சொல்லிவிட முடியுமா?"

முடியாது. 25 மில்லி பேரிங்குக்கு k6 என்று வரைபடத்தில் போட்டிருந்தால் ஷாஃப்ட் 25.002-லிருந்து 25.015-க்குள் இருக்க வேண்டும். அந்த முழு வரம்பும் 0.02 வெர்னியரின் ஒரு கோட்டைவிடச் சின்னது. 24.88 மாதிரி நன்றாகத் தேய்ந்திருந்தால் போட்டோவிலேயே சொல்லிவிடலாம். 24.98, 25.00, 25.02 என்று வந்தால் மைக்ரோமீட்டர் போட்டோ கேட்பேன், பேரிங் இடத்தின் இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஒவ்வொன்று, ஒவ்வோர் இடத்திலும் ஷாஃப்ட்டைக் கால் சுற்று திருப்பி இன்னொன்று. மொத்தம் ஆறு படம். முட்டையாகத் தேய்ந்த ஷாஃப்ட் ஒரு பக்கம் 25.00 காட்டும், கால் சுற்று திருப்பினால் 24.95 காட்டும்.